அதே வாய், வேறு குரல்: கொரியப் படத்தைக் கேட்பதா, படிப்பதா?

எங்கள் வீட்டில் கொரியத் தொடர் ஓடும்போதெல்லாம் ஒரு சண்டை வரும். அம்மாவுக்குத் தமிழ்க் குரல் வேண்டும். தம்பிக்குக் கொரிய ஒலியும் கீழே ஆங்கில எழுத்தும் வேண்டும். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் அன்றைய மொழி. ஒரு நாள் தமிழ் டப்பிங் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டே அம்மாவைக் கூப்பிட்டான். வாயசைவு அச்சு அசலாகப் பொருந்தியது. தம்பிக்கே சந்தேகம் வந்து ஒலியைக் கொரியத்துக்கு மாற்றிப் பார்த்தான். பையன் ‘ஒம்மா’ என்றான். அப்பாவுக்கும் கொரிய மொழியில் ‘ஆப்பா’தான். இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு கொரியர்கள் நம் சொந்தக்காரர்கள் என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம். உலகில் பல மொழிகளில் குழந்தை முதலில் சொல்லும் சொற்கள் இப்படித்தான் இருக்கும். எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது வேறு: ஒரு டப்பிங் நன்றாக இருக்கிறது என்று எப்போது தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது என்பதற்கான விடை அந்த ஒரு சொல்லில் இருந்தது.

ப, ம ஆகிய ஒலிகளுக்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். முகம் திரையை நிறைக்கும் குளோசப்பில் உதடு ஒட்டும் நேரத்தில் நம் காதில் ஒட்டாத ஒலி விழுந்தால் மூளை உடனே கண்டுபிடித்துவிடும். ‘ஆப்பா’ என்று உதடு ஒட்டிப் பிரிகிறது, ஆனால் ஆங்கில டப்பிங்கில் ‘டாட்’ என்று கேட்கிறது. அந்தச் சொல்லில் உதடு எங்கும் ஒட்டுவதில்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று மட்டும் தோன்றும். மற்ற எழுத்துகளில் கண் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. க, ந, ர, ல எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிற வேலை என்பதால் மாறியிருந்தாலும் பெரும்பாலும் தெரியாது.

டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவர் இதனால் மூன்று கட்டுகளுக்குள் எழுதுகிறார். நடிகர் வாயைத் திறந்ததிலிருந்து மூடும்வரை எவ்வளவு நேரமோ, தமிழ் வசனமும் அவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும். குளோசப்பில் உதடு ஒட்டும் இடங்களில் ப, ம போல ஏதாவது விழ வேண்டும். நடிகர் தலையை ஆட்டி மறுக்கும் நொடியில் ‘இல்லை’ என்ற பொருள் வந்தாக வேண்டும். பொருள் சரியாக இருந்து நீளம் அரை நொடி கூடினால் அந்த வசனம் உதவாது. நீளம் சரியாக இருந்து பொருள் கொஞ்சம் நகர்ந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். டப்பிங் என்றாலே பொருள் கொஞ்சம் வளையும் என்பது அந்த வேலையின் இயல்பு. நடிகர் முதுகைக் காட்டி நிற்கும்போதும் தூரக் காட்சியிலும் எழுதுபவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். மூலத்தில் இல்லாத நகைச்சுவைகள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் நுழைகின்றன. முதுகு காட்டும் மனிதர் திடீரென்று சொந்தமாக ஒரு ஜோக் அடித்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு விஷயம் காதுக்கு மட்டும் தெரியும். படம் எடுத்தவர்கள் வசனத்தை நீக்கிவிட்டு இசையும் மற்ற ஓசைகளும் மட்டும் உள்ள தனி ஒலித்தடம் ஒன்றைக் கொடுப்பார்கள். ‘எம் அண்ட் ஈ’ என்று டப்பிங் தியேட்டரில் சொல்வது இதைத்தான். படப்பிடிப்பிலேயே பதிவான ஒலியில் நடிகரின் குரலும், அவர் நாற்காலியை இழுத்த சத்தமும், சட்டை உரசும் சத்தமும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். குரலை எடுத்தால் மற்றவையும் போய்விடும். அவற்றைத் தனியாக மறுபடி உருவாக்கிச் சேர்க்க வேண்டும். அந்த வேலை சரியாக நடக்காத படத்தில் ஆட்கள் பேசும்போது மட்டும் அறை செத்துப்போய்விடும். மழை பெய்துகொண்டிருக்கும், வசனம் வந்ததும் மழை மெலியும். அதோடு, குரல் ஒலிபுகாத ஒரு சின்ன அறையில் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசப்பட்டது. திரையில் ஆள் பத்தடி தள்ளிக் குளியலறையில் நின்றாலும், ஒலிக்கலவை செய்தவர் கவனிக்கவில்லை என்றால், குரல் நம் காதருகே கேட்கும். ‘டப்பிங் படம் மாதிரி இருக்கு’ என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். மொழிபெயர்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், குறை ஒலிக்கலவையில் இருக்கும்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

சப்டைட்டிலின் எதிரி நேரம். ஆங்கிலத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் விதிப்படி ஒரு வரியில் 42 எழுத்துகள், அதிகபட்சம் இரண்டு வரிகள். ஒரு சப்டைட்டில் 7 நொடிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது. பெரியவர்கள் நொடிக்கு 17 முதல் 20 எழுத்துவரை படிப்பார்கள் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியென்றால் இரண்டு வரியும் நிறைந்த 84 எழுத்துகளைப் படிக்க நாலைந்து நொடி ஆகும். படபடவென்று சண்டை போடும் இரண்டு பேர் அதே நாலைந்து நொடியில் இதைவிட நிறையப் பேசிவிடுவார்கள். ஆகவே வெட்டுகிறார்கள். முதலில் போவது ‘அட’, ‘பாரேன்’, ‘என்ன சொல்றது’ மாதிரியானவை. அடுத்துப் போவது திரும்பத் திரும்ப வரும் சொற்கள். அதற்குப் பிறகும் இடம் பற்றாவிட்டால் மரியாதைச் சொல்லும் விளிச்சொல்லும் போகும். கதை நகர இவை தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் என்ன உறவு என்பது இந்தச் சில்லறைகளில்தான் இருக்கிறது.

அந்த 17, 20 எல்லாம் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே படித்து வளர்ந்தவருக்குப் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்த ஒருவர் அதே வேகத்தில் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். எழுத்து திரையில் தெரிந்தால் கண் அதன் மேல் போகாமல் இருக்காது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், ஒலியில் இருக்கும் மொழி தெரிந்தவர்கள்கூடக் கீழே வரும் வரியைப் படிக்கிறார்கள் என்று கண்டார்கள். படிப்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்வதற்குள் கண் போய்விடுகிறது. வேகமாகப் படிப்பவர் வரியை முடித்துவிட்டு நடிகரின் முகத்துக்குத் திரும்ப நேரம் இருக்கிறது. மெதுவாகப் படிப்பவர் படம் முழுவதும் திரையின் கீழ்ப்பகுதியிலேயே குடியிருப்பார். அம்மா சப்டைட்டில் வைத்துப் பார்த்த ஒரே படத்தைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? ‘கதை புரிஞ்சுது, ஆளுங்க மூஞ்சிதான் ஞாபகமில்ல.’

கொரிய மொழியில் ஆங்கில சப்டைட்டிலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினை கடைசியில் வரும். ஒரு காட்சியை நானே கற்பனை செய்கிறேன். விசாரணை அறை. குற்றவாளி தலைகுனிந்தபடி இழுத்து இழுத்துச் சொல்கிறான்: ‘அந்த ஆளை… அன்றைக்கு ராத்திரி… நான்தான்… கொன்றேன்.’ கொரிய மொழியிலும் இதே வரிசைதான் வரும். கடைசிச் சொல் வரும்வரை அவன் காப்பாற்றினானா கொன்றானா என்று தெரியாது. நடிகர் அந்த நாலு நொடியையும் அதற்காகவே செலவு செய்கிறார். ஆங்கில வரியில் ‘நான்’ என்பதற்கு அடுத்த சொல்லே ‘கொன்றேன்’. அவன் வாயைத் திறந்த கணத்தில் வரி திரையில் விழுகிறது, ஒரு நொடியில் நாம் படித்து முடித்துவிடுகிறோம். மீதி மூன்று நொடி அவன் நடிப்பது ஏற்கெனவே வெளியான ரகசியத்தை. நல்ல சப்டைட்டில்காரர்கள் வரியை இரண்டாக உடைத்துக் கடைசிப் பாதியைத் தாமதமாக விடுவார்கள். எல்லா இடத்திலும் அது முடிவதில்லை. தமிழ் டப்பிங்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வினை தானாகவே கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நடிகரின் கண் கலங்கும் நொடியில் சொல்லும் வந்து சேரும். இந்த ஓர் இடத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி தமிழுக்குக் கிடைத்திருக்கிறது.

மரியாதையிலும் அப்படித்தான். யார் பெரியவர், யார் சின்னவர், எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லாமல் கொரிய மொழியில் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. வினையின் வாலிலேயே அது இருக்கும். ‘ஸ்குவிட் கேம்’ தொடரின் முதல் பருவத்தில் அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளி வருகிறான். நடித்தவர் டெல்லிக்காரரான அனுபம் திரிபாதி. சாங்-வூ என்ற படித்த மனிதனை அவன் முதலில் ‘சாஜாங்நிம்’ என்று கூப்பிடுகிறான். முதலாளி என்று பொருள். கொரியாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளி எதிரில் இருப்பவரை எப்படிக் கூப்பிடப் பழகியிருப்பானோ அப்படி. பிறகு ஒரு கட்டத்தில் சாங்-வூ, அப்படிக் கூப்பிட வேண்டாம், ‘ஹியோங்’ என்று கூப்பிடு என்கிறான். ஹியோங் என்றால் ஆண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். முதலாளி அண்ணனாகிவிட்டார். அலி அவனை அதன்பிறகு எவ்வளவு நம்புகிறான் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதைத் தொடர் பார்த்தவர்கள் அறிவார்கள், பார்க்காதவர்களிடம் நான் சொல்லப்போவதில்லை. ஆங்கிலத்தில் பெரியவரை ‘அண்ணா’ என்று கூப்பிடும் வழக்கமே இல்லை. எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்தப் படி ஏறுவது தெரியாது. தமிழில் ‘முதலாளி’, ‘அண்ணா’ என்று இரண்டு சொல் போட்டால் வேலை முடிந்தது.

இவ்வளவு வசதி இருந்தும் பல தமிழ் டப்பிங்குகள் ஏன் தமிழாக ஒலிப்பதில்லை? பெரும்பாலும் அவை கொரிய மொழியிலிருந்து நேராக வருவதில்லை என்பதால். ஒரு தொடரை முப்பது மொழிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலத்தில் ஒரு பிரதி செய்து, அதைப் பார்த்து மற்ற மொழிக்காரர்கள் எழுதுவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். கொரியமும் தமிழும் தெரிந்தவர்களைவிட ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவர்கள் கிடைப்பது எளிது. அதனால் கொரிய மொழியில் இருந்த மரியாதை ஆங்கிலத்தில் உதிர்ந்து, தமிழ் எழுதுபவர் மேஜைக்கு ‘யூ’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்து சேருகிறது. அது நீயா நீங்களா என்று அவர் படத்தைப் பார்த்து ஊகித்து எழுதுகிறார். அடுத்த அத்தியாயத்தை வேறொருவர் எழுதினால் வேறு மாதிரி ஊகிப்பார்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மருமகள் மாமியாரை முதல் அத்தியாயத்தில் ‘நீங்க’ என்றும் மூன்றாவதில் ‘நீ’ என்றும் சொன்னால், இடையில் சண்டை எதுவும் நடக்கவில்லை என்றால், ஊகம் மாறியிருக்கிறது. அலுவலகத்தில் இளையவர் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆங்கிலம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் கொரிய அலுவலகத்தில் பதவிப் பெயர் ஒட்டாமல் மூத்தவரைக் கூப்பிடுவது வழக்கமில்லை. எதற்கெடுத்தாலும் ‘ஓ கடவுளே’ என்று அலறுகிற பாட்டியும், ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்கிற கல்லூரிப் பையனும் இன்னும் எளிய தடயங்கள். நம் ஊரில் யாரும் காதலியிடம் ‘நேசிக்கிறேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு வழியிலும் எது பிழைக்கிறது, எது சாகிறது என்று ஒரே படத்தில் வைத்துப் பார்க்க ‘பாரசைட்’ வசதியானது. போங் ஜூன்-ஹோ இயக்கி 2019-இல் வந்த படம். 2020 பிப்ரவரியில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது, ஆங்கிலம் அல்லாத மொழியில் அந்த விருதை வாங்கிய முதல் படம் அதுதான். அதற்கு ஒரு மாதம் முன்பு கோல்டன் குளோப் மேடையில், சப்டைட்டில் என்ற ஓர் அங்குல உயரத் தடையைத் தாண்டிவிட்டால் இன்னும் எத்தனையோ நல்ல படங்கள் உங்களுக்குக் கிடைக்கும் என்று போங் சொன்னார். அதையே அவர் கொரிய மொழியில்தான் சொன்னார், பக்கத்தில் நின்றவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கில சப்டைட்டில் எழுதியவர் டார்சி பாக்கெட். அமெரிக்கர், நெடுங்காலமாக சோலில் வாழ்பவர், கொரிய சினிமா விமர்சகர்.

கதையில் பணக்கார வீட்டு அம்மா காரிலிருந்து ஃபோன் செய்து, வீட்டுக்கு வர இன்னும் எட்டு நிமிடம்தான், ‘ஜாபகுரி’ செய்து வை என்று வேலைக்காரப் பெண்மணியிடம் சொல்கிறாள். ஜாபகெட்டி, நியோகுரி என்று கொரியாவில் விற்கும் இரண்டு உடனடி நூடுல்ஸ் பொட்டலங்களைக் கலந்து செய்யும் பண்டம் அது. நம் வீட்டில் இரண்டு விதமான நூடுல்ஸ் பாக்கெட்டைக் கலந்து கொதிக்கவைப்பது மாதிரி. அதற்கு மேல் அவள், கொரிய நாட்டு மாட்டின் விலை உயர்ந்த இறைச்சியையும் போடச் சொல்கிறாள். கொரியப் பார்வையாளருக்கு அந்த ஒரு தட்டு போதும், இந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். டார்சி பாக்கெட் அதை ‘ராம்-டான்’ என்று எழுதினார். ராமென், உடான் என்று ஆங்கிலப் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு நூடுல்ஸ் பெயர்களை ஒட்டவைத்துப் புதிதாகச் செய்த சொல். இரண்டைக் கலந்தது என்பது தப்பிப் பிழைத்தது. மலிவான கடைப் பாக்கெட் என்பது பாதி செத்தது, ஆனால் திரையில் பொட்டலமும் இறைச்சியும் தெரிவதால் படம் அதை ஈடு செய்துவிடுகிறது.

அந்த வீட்டில் பொய் சொல்லி வேலைக்குச் சேரும் ஏழைக் குடும்பத்தில், போலிச் சான்றிதழ் செய்யும் மகளைப் பாராட்டி அப்பா, சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் போலி ஆவணத்துக்கு ஒரு துறை இருக்கிறதா என்று கேட்கிறார். சப்டைட்டிலில் அது ஆக்ஸ்ஃபோர்டு ஆனது. சோல் பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பார்த்துச் சிரிக்க இரண்டு நொடியில் நேரமில்லை என்பது காரணம். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஊரை மாற்றிவிட்டார் என்று தோன்றும். ஆனால் தியேட்டரில் சிரிப்பு வந்ததே என்று பாக்கெட் பக்கம் நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அதே பணக்கார அம்மா கொரிய மொழியில் பேசிக்கொண்டே நடுவில் ‘இஸ் இட் ஓகே வித் யூ?’ என்று ஆங்கிலத்தைத் தூவுவாள். படித்த, வெளிநாட்டு மோகம் பிடித்த, கொஞ்சம் அப்பாவியான பெண் என்று அந்த ஐந்து சொல் சொல்லிவிடும். ஆங்கில சப்டைட்டிலில் படிப்பவருக்குச் சுற்றியுள்ள வரிகளும் ஆங்கிலம்தான், காது விழிப்பாக இருந்தால் மட்டும் பிடிக்கலாம். ஆங்கில டப்பிங் என்று ஒன்று செய்தால் இது சுத்தமாகக் காணாமல் போகும், ஆங்கிலத்தில் ஆங்கிலம் கலந்தால் யாருக்குத் தெரியும்? தமிழ் டப்பிங்கில் அப்படியே விட்டால் போதும். சென்னையில் இந்த அம்மாவை நமக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டு வழியிலும் உயிரோடு கரை சேராதது ஒன்றும் இந்தப் படத்தில் இருக்கிறது. மகள் அந்த வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன், தன் பொய் விவரங்களை ஒரு சின்ன மெட்டில் பாடி மனப்பாடம் செய்துகொள்கிறாள்: ஜெசிகா, ஒரே மகள், இலினாய், சிகாகோ என்று. அந்த மெட்டு ‘தோக்தோ நம் நிலம்’ என்று கொரியர்கள் அனைவரும் சிறு வயதிலிருந்தே அறிந்த பாட்டின் மெட்டு. பள்ளிப் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்க அதில் சொற்களைப் போட்டுப் பாடுவார்கள். கொரியத் தியேட்டரில் சிரிப்பு மெட்டைக் கேட்டவுடன் வருகிறது. கீழே எழுத முடியாது, எழுதினால் அது சப்டைட்டில் இல்லை, அடிக்குறிப்பு. டப்பிங்கில் நமக்குத் தெரிந்த வாய்ப்பாட்டு மெட்டு ஒன்றை வைக்கலாம், சிரிப்பு வந்துவிடும், ஆனால் சோல் நகர வாசலில் நிற்கும் பெண் திடீரென்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாகிவிடுவாள்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் தமிழ் டப்பிங் கட்சி என்று தோன்றலாம். அப்படிச் சேர முடியாததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1941-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் வெளிநாட்டுப் படங்கள் எல்லாம் ஸ்பானிய மொழியில் டப் செய்யப்பட்டே ஓட வேண்டும் என்று ஆணை போட்டார்கள். மொழிப்பற்றோடு தணிக்கைக்கும் அது கைகொடுத்தது. 1953-இல் வந்த ‘மொகாம்போ’ என்ற ஹாலிவுட் படத்தில் கணவன் மனைவியாக வரும் இருவரில் மனைவி இன்னொருவனைக் காதலிக்கிறாள். கள்ளக்காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று ஸ்பானிய டப்பிங்கில் கணவன் மனைவியை அண்ணன் தங்கையாக மாற்றிவிட்டார்கள். ஆனால் படத்தில் அவர்கள் பழகும் விதத்தை மாற்ற முடியவில்லை. கள்ளக்காதலை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய விபரீதத்தைக் காட்டிவிட்டார்கள். சப்டைட்டிலில் பொய் சொன்னால் மூல ஒலி பக்கத்திலேயே இருக்கிறது, மொழி தெரிந்த ஒருவர் எழுந்து கத்திவிடலாம். டப்பிங்கில் சாட்சியையே அழித்துவிடுகிறார்கள். இன்று அரசு உத்தரவு இல்லாமலே கெட்ட வார்த்தைகளும் சாதி, மதம் தொடும் இடங்களும் டப்பிங்கில் மெல்ல மழுங்குகின்றன. கொலைகாரன் எதிரியைப் பார்த்து ‘முட்டாளே’ என்று திட்டினால், மூலத்தில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நீங்களே ஊகிக்கலாம்.

நடிகரின் குரல் போய்விடுகிறது என்ற குறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பாரசைட்’டில் அப்பாவாக வரும் சோங் காங்-ஹோவின் குரலில் ஒரு சலிப்பு இருக்கிறது, அதுதான் அந்தப் பாத்திரத்தின் பாதி. அதை வேறொருவர் குரலில் கேட்பது எனக்கு இழப்புதான். ஆனால் தமிழ்ப் பார்வையாளர்கள் இதில் ரொம்பவும் தூய்மை பேச முடியாது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் திரிஷாவுக்குப் பேசியது சின்மயி. அந்த ஜெஸ்ஸியை ரசித்தவர்கள் யாரும் மூலக் குரல் எங்கே என்று கேட்கவில்லை. நம் படங்களில் நடிகர்களே தமக்குப் பேசினாலும் பெரும்பாலும் பின்னால் டப்பிங் தியேட்டரில்தான் பேசுகிறார்கள். இத்தாலியில் இது இன்னும் ஒரு படி மேலே. ஃபெருச்சோ அமெந்தோலா என்ற ஒரே கலைஞர்தான் பல ஆண்டுகள் ராபர்ட் டி நீரோ, அல் பசினோ இருவருக்கும் இத்தாலியக் குரலாக இருந்தார். 1995-இல் வந்த ‘ஹீட்’ படத்தில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி உண்டு, அதில் டி நீரோவுக்கு அமெந்தோலா பேச, பசினோவுக்கு ஜான்கார்லோ ஜன்னினி பேசினார். அந்த நாட்டில் வளர்ந்தவருக்கு டி நீரோவின் உண்மைக் குரல்தான் அந்நியமாகக் கேட்கும். கொரியத் தொடர்களைத் தமிழிலேயே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் நாளை அப்படித்தான் இருக்கும்.

எது வேண்டும் என்று முடிவு செய்ய நான் இப்போது படத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். முகங்களும் மௌனங்களும் நிறைந்த, மெதுவாகப் பேசும் படம் என்றால் எழுத்தோடு பார்ப்பேன். வரிகள் குறைவு, கண்ணுக்கு முகத்திடம் திரும்ப நேரமிருக்கும், அந்த நடிகரின் மூச்சும் தயக்கமும் அவருடையதாகவே இருக்கும். பல மொழியோ பல வட்டார வழக்கோ கலக்கும் படத்துக்கும் அதுதான், ஏனென்றால் டப்பிங்கில் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாகிவிடுவார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் நகைச்சுவை, திரை முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும் சண்டைப் படம், அத்தியாயம் அத்தியாயமாக நீளும் குடும்பத் தொடர் ஆகியவற்றுக்கு நல்ல தமிழ் டப்பிங் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வேன். ஜப்பானிய அனிமேஷனில் எனக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை. வரைந்த வாய் பெரும்பாலும் வெறுமனே திறந்து மூடுகிறது, ஜப்பானியக் குரலும் ஒலிப்பதிவு அறையில் சேர்த்ததுதான்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டப்பிங் இருந்தால் கொரியப் படத்துக்குத் தமிழ்தான். வினை கடைசியில் வருவதும் அண்ணனும் அக்காவும் இருப்பதும் போதுமான காரணங்கள். தமிழ் டப்பிங் மோசமாக இருந்தால் ஆங்கில டப்பிங்குக்குப் போகாமல் நேராகக் கொரிய ஒலிக்குப் போவேன்.

மோசமா இல்லையா என்று தெரிந்துகொள்ள முழு அத்தியாயம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேர் வாக்குவாதம் செய்யும் காட்சி ஒன்றைத் தேடி எடுங்கள். இரண்டு நிமிடம் தமிழில் ஓடவிட்டு, அதே இரண்டு நிமிடத்தைக் கொரிய ஒலியில் கேளுங்கள். மொழி புரிய வேண்டாம். ஆள் பேசும்போது பின்னணி ஓசை குறைகிறதா? அழும்போது தமிழ்க் குரல் அழுகிறதா, அல்லது அழுவது போலப் படிக்கிறதா? கொரியத்தில் குரல் தாழும் இடத்தில் தமிழிலும் தாழ்கிறதா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். உச்சத்தில் கத்தாமல் கிசுகிசுக்கும் நடிகரைத் தமிழில் கத்தவைத்திருந்தால் அந்த டப்பிங்கை நான் நம்பமாட்டேன்.

எழுத்து என்று முடிவானால் பட்டியலில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். `English` என்றும் `English [CC]` என்றும் இரண்டு இருக்கும். இரண்டாவது காது கேளாதவர்களுக்காகச் செய்தது, கதவு தட்டும் ஓசை, இசை எல்லாவற்றையும் எழுதிக் காட்டும். பல படங்களில் அதன் வசனம் ஆங்கில டப்பிங்கில் பேசிய சொற்களை அப்படியே எழுதியது. வாயசைவுக்காக வளைக்கப்பட்ட வசனத்தை, வாயசைவுக்குத் தேவையே இல்லாத நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள். 2021-இல் ‘ஸ்குவிட் கேம்’ வந்தபோது மொழிபெயர்ப்பு மோசம் என்று கிளம்பிய கூச்சலில் ஒரு பகுதி இப்படித் தவறான வரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையது. மூல ஒலியில் பார்க்கிறீர்கள் என்றால் வெறும் `English` போதும்.

எங்கள் வீட்டில் சமாதானமாக, தமிழ்க் குரலையும் ஆங்கில எழுத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். அதில் புதுத் தலைவலி. இரண்டையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கட்டுகளுக்குள் எழுதியதால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. காதில் ‘சாப்பிட்டியா?’ என்று விழுகிறது, கீழே ‘எப்படி இருக்கிறாய்?’ என்று ஆங்கிலத்தில் ஓடுகிறது. தம்பி வெற்றிக் களிப்போடு, பார்த்தாயா, தமிழில் மாற்றிவிட்டார்கள் என்றான். கொரியம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கும் அவன் சிநேகிதியிடம் கேட்டோம். கொரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் நலம் விசாரிப்பதற்குச் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்களாம், அந்த இடத்தில் தமிழ்தான் சரியாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை வாங்கிக் கீழே ஓடும் எழுத்தை நிறுத்தினார்.